எங்கள் குழு பிபிடிகளுக்கு ஒரு பக்க ஸ்டைல் கைடு: எழுதிய கதை

ஐந்தாறு பேர் தனித்தனியாகச் செய்யும் ஸ்லைடுகளை மாதம் ஒருமுறை ஒரே பிபிடியாகக் கோக்க வேண்டிய குழு எங்களுடையது. கோத்து முடித்ததும் ஒவ்வொரு ஸ்லைடும் ஒவ்வொரு திசையில் நிற்கும். ஒருவர் தலைப்பு நடுவில், இன்னொருவருடையது இடப்பக்கம். ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் சம்பந்தம் இருக்காது. கூட்டத்துக்கு முந்தைய மாலை முழுக்க யாராவது ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் கையால் சரிசெய்வார். இதற்கு ஒரு வழிகாட்டி எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஒன்று இருந்தது. லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், நிறுவனத்தின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கும் நீண்ட பிடிஎஃப். அதை யாரும் திறந்ததே இல்லை. திறந்தாலும் "அட்டவணைக்குள் எழுத்து எத்தனை பாயின்ட்?" என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

ஆகவே ஒரு நிபந்தனையோடு தொடங்கினேன். பக்கத்தில் ஒரு வரி எழுதினால், அந்த வரி பிபிடி கோப்புக்குள் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். "எழுத்து படிக்கும்படி இருக்கட்டும்" என்பதற்குக் கோப்பில் இடம் கிடையாது. "உடல் எழுத்து 20" என்பதற்கு உண்டு: மாஸ்டரில், முதல் நிலைப் பத்தியில். இப்படி இடம் காட்ட முடியாத வரிகளை எல்லாம் தள்ளியதில் பாதி வேலை முடிந்தது.

இருப்பதை முதலில் எண்ணிப் பார்த்தது

புதிதாக எதையும் தீர்மானிக்கும் முன், குழு இதுவரை என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். .pptx கோப்பு உண்மையில் ஒரு zip பொதிதான். பிரித்தால் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு XML கோப்பாகக் கிடைக்கும். அதில் எழுத்தின் அளவு பாயின்டின் நூறில் ஒரு பங்காகப் பதிவாகியிருக்கும், அதாவது 18 பாயின்ட் என்பது 1800.

```
mkdir x && cd x && unzip -q ../deck.pptx
grep -oh 'sz="[0-9]*"' ppt/slides/*.xml | sort | uniq -c | sort -rn
```

சென்ற மாதக் கோப்பில் ஓட்டியபோது வந்த பட்டியலின் தலைப்பகுதி இது:

```
212 sz="1800"
147 sz="1400"
 96 sz="2000"
 58 sz="1600"
 31 sz="1350"
 22 sz="1867"
```

இதற்குக் கீழேயும் நீளமான வால் இருந்தது. காலியான வரிகளுக்கும் sz பதிவாகும் என்பதால் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது, ஆனால் எந்தெந்த அளவுகள் புழங்குகின்றன என்பது தெரிந்துவிடும். என் கண் போனது கடைசி இரண்டின் மேல். 13.5, 18.67 என்ற அளவுகளை யாரும் கையால் தட்டச்சு செய்திருக்க மாட்டார்கள். 14-ஐ மூன்றில் நான்கால் பெருக்கினால் 18.67. பதினெட்டில் முக்கால் 13.5. இரண்டுமே ஸ்லைடின் அகலம் மாறியதன் தழும்புகள்.

பவர்பாயின்டின் இப்போதைய 16:9 ஸ்லைடு 13.333 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். கூகுள் ஸ்லைட்ஸின் வழக்கமான 16:9 ஸ்லைடு 10 அங்குலம், 5.625 அங்குலம். பவர்பாயின்டின் Slide Size பட்டியலிலேயே On-screen Show (16:9) என்று இதே 10 அங்குல அளவு ஒன்றும் உண்டு. திரை முழுக்கக் காட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் 10 அங்குல ஸ்லைடில் 18 பாயின்ட் எழுத்து, 13.333 அங்குல ஸ்லைடில் 24 பாயின்ட் எழுத்துக்குச் சமம். எங்களில் சிலர் கூகுளில் செய்கிறார்கள், சிலர் பவர்பாயின்டில். இரு தரப்பும் மனச்சாட்சிப்படி "18 பாயின்ட்" வைத்தாலும் திரையில் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத்தான் நிற்கும். எழுத்தின் அளவைச் சொல்லும் முன் ஸ்லைடின் அளவைச் சொல்லாத எந்த ஸ்டைல் கைடும் பாதிதான் சொல்கிறது. எனவே பக்கத்தின் முதல் வரி அங்கேயே தீர்மானமானது: ஸ்லைடு 33.87 × 19.05 செ.மீ., அதாவது 13.333 × 7.5 அங்குலம்.

அளவுகள்

எண்களை முதலில் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்லைடில் எழுத்து என்னென்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். தலைப்பு, உடல், வரைபடத்தின் குறிகளும் அட்டவணையும், ஆதாரக் குறிப்பு, எப்போதாவது ஒரு பெரிய எண். ஐந்து வேலை, ஐந்து அளவு. உடலுக்கும் அட்டவணைக்கும் நடுவில் 16 என்று ஒன்று வேண்டும் என இருவர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. 20, 16 இரண்டும் பக்கத்தில் இருந்தால், ஸ்லைடு நிரம்பும்போதெல்லாம் கை தானாக 16-க்குப் போகும்.

மிகச் சிறிய அளவை எங்கே நிறுத்துவது என்பதுதான் உண்மையான கேள்வி. அதைக் கருத்துக் கேட்டு முடிவுசெய்தால் சண்டைதான் மிஞ்சும். அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. கூட்ட அறையில் 55 அங்குலத் திரை. அதன் உயரம் சுமார் 68.5 செ.மீ. கடைசி நாற்காலி ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளி. 14 அங்குல லேப்டாப் திரையின் உயரம் 17.4 செ.மீ. விகிதம் போட்டால், லேப்டாப்பில் ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு ஒன்றேகால் மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும், அறையின் கடைசி நாற்காலியில் இருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றே. ஒரே ஸ்லைடில் 10, 12, 14, 16, 18 என்று ஒரே வாக்கியத்தை ஐந்து முறை எழுதி, லேப்டாப்பை மேசை மேல் வைத்து, குழுவினரை வரிசையாக நிறுத்திப் படிக்கச் சொன்னேன். 10-ஐச் சிலர் ஊகித்தார்கள். 12-ஐப் படிக்க முடிந்தது, ஆனால் கண்ணைச் சுருக்கினார்கள். 14 சிரமமில்லை. தமிழ் வரி ஆங்கில வரியைவிட முன்பே கலங்கியது. ணி, னி போல உள்ளே சுழிகளும் தலையில் கொம்பும் சேர்ந்த எழுத்துகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஆக, படித்தே ஆக வேண்டியதற்குக் கீழ்வரம்பு 14, கேட்டால் மட்டும் பார்க்க வேண்டிய ஆதாரக் குறிப்புக்கு 12.

தலைப்பை 28-இல் நிறுத்தியதற்கும் தமிழ்தான் காரணம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடியும் தலைப்பு தமிழில் இரண்டு வரியாகிறது. 36 வைத்தால் மூன்றாகும். 28-இல் இரண்டு வரிக்குள் அடங்குகிறது, 20 பாயின்ட் உடலிலிருந்து தெளிவாகப் பிரிந்தும் தெரிகிறது.

இவ்வளவு யோசித்து வைத்த எண்களை ஒரே வசதி கெடுத்துவிடும். உரைப்பெட்டியின் Shrink text on overflow என்பது, எழுத்து நிரம்பி வழிந்தால் பெட்டிக்குள் அடங்கும்வரை தானாகச் சுருக்கும். கோப்பில் sz 2000 என்றே இருக்கும், பக்கத்திலேயே fontScale="77500" என்று ஒன்று சேர்ந்திருக்கும், திரையில் தெரிவது 15.5. மேலே போட்ட grep-இலும் இது சிக்காது. மாஸ்டரில் எல்லாப் பெட்டிகளுக்கும் Do not Autofit என்று வைத்துவிட்டேன். இனி எழுத்து வழிந்தால் கண்ணுக்கு முன் வழியும். வாக்கியத்தை வெட்டுவதா, இரண்டு ஸ்லைடாக்குவதா என்பதை எழுதியவர் முடிவு செய்யட்டும்.

எழுத்துரு

தமிழும் ஆங்கிலமும் கலந்த ஸ்லைடுகளில் எழுத்துருவுக்கு ஒரு மறைவான சிக்கல் உண்டு. பவர்பாயின்டில் ஒரு எழுத்துத் துண்டுக்கு ஒரே எழுத்துரு இருப்பது போலத்தான் தோன்றும். உள்ளே லத்தீன் எழுத்துக்கு ஒரு இடம், தமிழ் போன்ற கூட்டெழுத்து மொழிகளுக்கு இன்னொரு இடம் எனத் தனித்தனியாக இருக்கிறது. Slide Master-இல் Fonts, Customize Fonts என்று போனால் Heading, Body என இரண்டு பெட்டிகள் மட்டும் தெரிந்தால், அவை லத்தீனுக்கு உரியவை. அங்கே எதை மாற்றினாலும் தமிழ் அசையாது. தீம் கோப்பைத் திறந்தால் காரணம் தெரியும்:

```
<a:latin typeface="Calibri"/>
<a:cs typeface=""/>
<a:font script="Taml" typeface="Latha"/>
```

cs காலி, தமிழுக்கு லதா. ஆபிஸுடன் வரும் வழக்கமான தீம் பல ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது. இதனால்தான் எங்கள் பழைய ஸ்லைடுகளில் ஆங்கிலம் ஒரு முகத்தோடும் தமிழ் இன்னொரு முகத்தோடும் நின்றன.

இரு மொழிக்கும் இரண்டு எழுத்துருவைப் பொருத்தி வைப்பதைவிட, இரண்டையும் தன்னுள்ளே கொண்ட ஒரே குடும்பத்தை எடுப்பது நிர்வாகத்துக்கு எளிது. Mukta Malar, Hind Madurai, Catamaran என்று மூன்றைப் போட்டுப் பார்த்து Mukta Malar-ஐ எடுத்தேன். திறந்த உரிமம், கூகுள் ஸ்லைட்ஸில் நேரடியாகக் கிடைக்கிறது, சிறிய அளவில் தமிழ்ச் சுழிகள் திறந்திருக்கின்றன. தீமில் latin, cs, Taml மூன்று இடத்திலும், தலைப்பு, உடல் இரண்டு பகுதியிலும் அதையே எழுதி, மாற்றிய அந்த ஒரு கோப்பை மட்டும் பொதிக்குள் திருப்பி வைத்தேன்:

```
zip ../deck.pptx ppt/theme/theme1.xml
```

ஏழு தடிமன் இருந்தாலும் Regular, Bold இரண்டுக்கு மட்டும்தான் பக்கத்தில் அனுமதி. SemiBold என்று தனிப்பெயரில் பட்டியலில் தெரிவதைத் தேர்ந்து, அதன் மேல் B-ஐயும் அழுத்தினால், கணினி தானாகப் பூசும் போலித் தடிமன் வரும் வாய்ப்பு அதிகம், சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம் என்றும் ஒரு வரி போட்டேன். அது நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்ததுதான், வலியுறுத்தத் தடிமன் போதும்.

எழுத்துரு நிறுவாத கணினியில் என்ன நடக்கும் என்பதையும் பக்கத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பவர்பாயின்ட் சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், மேலே உள்ள பெட்டியிலோ Mukta Malar என்ற பெயர் அப்படியே நிற்கும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கீழிறங்கும் பட்டியலைத் திறந்து அதில் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் நிறுவும்வரை Nirmala UI. வெளியே அனுப்புவது எப்போதும் பிடிஎஃப்.

பழைய ஸ்லைடுகளை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. எழுத்துருப் பெயர்களை grep செய்ததில் Bamini என்று ஒன்று அகப்பட்டது. அது யூனிகோடு அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. Replace Fonts கொடுத்து மொத்தமாக மாற்றினால் "தமிழ்" என்று இருந்த இடத்தில் `jkpo;` என்று நிற்கும். அந்த ஸ்லைடுகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகுதான் எழுத்துருவைத் தொட வேண்டும்.

நிறங்கள்

எங்கள் லோகோவில் கருநீலமும் ஆரஞ்சும் உண்டு. எல்லோரும் ஆரஞ்சை வெள்ளைப் பின்னணியில் எழுத்துக்கு வைத்துப் பழகியிருந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னதும் கணக்குப் பிரிவிலிருந்து எங்களோடு வேலை செய்பவர் கேட்டார்: "இது நம்ம லோகோ கலருங்க. அதையே வைக்கக் கூடாதுன்னா எப்படி?" நியாயமான கேள்வி. எனக்குப் பிடிக்கவில்லை என்பது பதிலாகாது. எண்ணைக் காட்ட வேண்டும்.

இணையத்தின் அணுகல்தன்மை விதியான WCAG, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதத்தை வைத்துக் கணக்கிடுகிறது. சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3. பெரியது என்பது 18 பாயின்ட், தடிமனாக இருந்தால் 14. ஸ்லைடுக்கு என்று எழுதிய விதி இல்லை. ஆனால் விளக்கு எரியும் அறையில் புரொஜெக்டர் நிறங்களை வெளுக்கத்தான் செய்யும், ஆகவே இதற்குக் கீழே போகக் காரணமில்லை. நான் பாயின்ட் வித்தியாசம் பார்க்காமல் எல்லா எழுத்துக்கும் 4.5 என்றே வைத்தேன்.

லோகோவின் ஆரஞ்சு #F28C28. வெள்ளை மேல் அதன் விகிதம் 2.45. பெரிய எழுத்துக்குக்கூடத் தேறவில்லை. ஆரஞ்சுப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து வைத்தாலும் அதே 2.45 தான், ஏனென்றால் எது மேலே எது கீழே என்பது கணக்கில் வராது. அதே ஆரஞ்சைக் கருநீலத்தின் (#1F3A5F) மேல் வைத்தால் 4.68, தேறுகிறது. வெள்ளை மேல் ஆரஞ்சுச் சாயலில்தான் எழுத வேண்டும் என்றால், அதே குடும்பத்தில் இருண்ட #B45309 எடுத்துக்கொள்ளலாம், 5.02. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து மூன்று பட்டைகளாகப் போட்டு அவரிடம் காட்டினேன். "அப்ப அட்டைப் பக்கத்துல நீலத்து மேல வெச்சுக்கலாம்ல?" என்றார். வைத்துக்கொள்ளலாம். அதுவே பக்கத்தில் விதியாகவும் ஏறியது. குறிப்புகளுக்குப் பழகியிருந்த சாம்பல் #999999 வெறும் 2.85. அது போய் #595959 வந்தது, விகிதம் 7.

நிறங்களைத் தேர்வதைவிட அவற்றைத் தீமில் எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில்தான் நடைமுறை வித்தியாசம் தெரிகிறது. தீமில் பன்னிரண்டு இடங்கள்: இருண்டவை இரண்டு, வெளிறியவை இரண்டு, Accent ஆறு, இணைப்புக்கு இரண்டு. புதிதாக ஒரு வடிவத்தை வரைந்தால் அது Accent 1-ஆல் நிரம்பும். புதிய வரைபடத்தின் முதல் தொடர் Accent 1, அடுத்தது Accent 2. அதனால் பளிச்சென்ற நிறத்தை முதலில் வைத்தால் யாரும் கேட்காமலே ஸ்லைடெங்கும் அது பரவும். கருநீலத்தை Accent 1 ஆக்கினேன். Accent 2 நடுத்தரச் சாம்பல் #7A8794 (வெள்ளை மேல் 3.67, வரைபடத் தூணுக்குப் போதும், எழுத்துக்குப் போதாது). Accent 3 இருண்ட ஆரஞ்சு, கவனிக்க வேண்டிய ஒரே தூணுக்கு. லோகோ ஆரஞ்சு Accent 4. மீதி இரண்டு இடங்களைக் காலியாக விட முடியாது. விட்டால் ஆபிஸின் பழைய பச்சையும் நீலமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அவற்றில் கருநீலத்தையும் சாம்பலையும் மறுபடி போட்டேன். ஐந்து தொடர்கள் உள்ள வரைபடத்தில் ஐந்தாவது முதலாவதைப் போலவே தெரியும். அது தொல்லைதான். ஆனால் ஐந்து கோடுகளை ஒரே படத்தில் திணிப்பவருக்கு அந்தத் தொல்லை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்தில் நிறக் குறியீடுகளை எழுதியிருந்தாலும், அவற்றைத் தட்டச்சு செய்யாதீர்கள், தீமின் நிறத் தட்டிலிருந்து எடுங்கள் என்று சேர்த்தேன். தட்டிலிருந்து எடுத்த நிறம் கோப்பில் schemeClr என்று பதிவாகும், நாளை தீம் மாறினால் கூடவே மாறும். குறியீட்டைத் தட்டச்சு செய்தால் srgbClr, அது அங்கேயே உறைந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இடைவெளி

இடைவெளிதான் அதிக நேரம் பிடித்தது, காரணம் பவர்பாயின்ட் இரண்டு விதமாக அளக்கிறது. ஒரு பொருளைத் தேர்ந்து Format Shape-இல் Position பார்த்தால், இடது மேல் மூலையிலிருந்து செ.மீ. வரும். வழிகாட்டிக் கோட்டை இழுத்தால் நடுவிலிருந்து தூரம் காட்டும். எங்கள் ஓரம் 1.5 செ.மீ. ஸ்லைடின் பாதி அகலம் 16.93. ஆக ஓரத்துக்கான கோடு 15.43-இல் நிற்க வேண்டும். கோடுகளை Slide Master-க்குள் வைத்தால் சாதாரணப் பார்வையில் யாரும் தற்செயலாக நகர்த்த முடியாது.

ஓரம் போக அகலம் 30.87. இரண்டு நெடுவரிசைகள், நடுவில் 1 செ.மீ. என்றால் ஒவ்வொன்றும் 14.93. மூன்று என்றால் 9.62. தலைப்பு 1.0 முதல் 3.7 வரை, உடல் 4.2-இல் தொடங்கி 17.4-இல் முடிவு, அடிக்குறிப்பு 17.9 முதல்.

எல்லாவற்றையும் கோட்டில் நிறுத்திய பிறகும் படத்தின் இடது விளிம்பும் அதன் மேல் உள்ள தலைப்பின் முதல் எழுத்தும் ஒட்டவில்லை. எழுத்து கால் செ.மீ. உள்ளே தள்ளி நின்றது. உரைப்பெட்டிக்கு உள்விளிம்பு உண்டு: இட வலம் 0.25 செ.மீ., மேல் கீழ் 0.13. பெட்டி 1.5-இல் இருந்தாலும் எழுத்து 1.75-இல்தான் தொடங்கும். படத்துக்கு அப்படி விளிம்பு கிடையாது. குழுவில் பாதிப்பேர் பெட்டியைக் கோட்டில் வைக்கிறார்கள், மீதிப்பேர் கண்ணால் பார்த்து எழுத்தைக் கோட்டில் வைக்கிறார்கள். ஸ்லைடுகள் புரட்டும்போது தலைப்பு இடமும் வலமும் லேசாகத் துள்ளுவது இதனால்தான். மாஸ்டரில் உள்ள பெட்டிகளின் இட வல விளிம்பைச் சுழியமாக்கினேன். புதிதாகச் செருகும் பெட்டிக்கும் அதே வர, ஒரு பெட்டியைச் சரிசெய்து, வலது கிளிக்கில் Set as Default Text Box கொடுத்தேன். நிறம் நிரப்பிய பெட்டிகளுக்கு மட்டும் உள்விளிம்பு 0.4, இல்லாவிட்டால் எழுத்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வரி இடைவெளியில் ஒரு தேர்வு இருந்தது. ஆபிஸ் தீம் உடல் எழுத்துக்கு 90% வைக்கிறது. எதன் தொண்ணூறு? எழுத்துருவின் உள்ளே பதிவான வரி உயரத்தின். Mukta Malar-இல் அந்த உயரம் தாராளம், Nirmala UI-இல் குறைவு. ஆக எழுத்துரு இல்லாத கணினியில் அதே 90% வரிகளை நெருக்கி, மேல்வரியின் கு, மூ போன்ற எழுத்துகளின் வாலும் கீழ்வரியின் கி, கீ கொம்பும் முட்டிக்கொள்ளும். சதவீதத்தை விட்டுவிட்டு Exactly என்று பாயின்டில் கொடுத்தேன்: 20-க்கு 30, 28-க்கு 38. இப்போது எந்த எழுத்துரு வந்தாலும் வரிகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒன்றே. உடலின் 13.2 செ.மீ. உயரத்தில் 12 வரி அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது. யாராவது எழுத்தை மட்டும் 40 ஆக்கினால் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அது நல்லதே. கூகுள் ஸ்லைட்ஸில் இப்படிப் பாயின்டில் கொடுக்க வழியில்லை, மடங்காகத்தான் கொடுக்கலாம். அங்கே செய்பவர்கள் இறுதியில் வார்ப்புருவுக்குள் ஒட்டும்போது சரியாகிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பக்கம்

அச்சடித்தால் ஒரு ஏ4 தாளில் நிறைய வெள்ளை மிஞ்சும் அளவுக்குத்தான் வந்தது:

> ஸ்லைடு: 33.87 × 19.05 செ.மீ. கூகுளில் 10 அங்குல ஸ்லைடு என்றால் கீழுள்ள எழுத்தளவுகளில் முக்கால்.
>
> எழுத்துரு: Mukta Malar, Regular, Bold. இல்லாத இடத்தில் Nirmala UI. தமிழில் சாய்வெழுத்து இல்லை.
>
> அளவு / வரி: தலைப்பு 28 / 38, இரண்டு வரிக்குள். உடல் 20 / 30, பத்திக்கு முன் 10. வரைபடம், அட்டவணை 14 / 20. ஆதாரம் 12 / 17. பெரிய எண் 48. வேறு அளவு இல்லை. Autofit இல்லை.
>
> நிறம்: எழுத்து #222222. தலைப்பு, முதல் தொடர் #1F3A5F. குறிப்பு #595959. ஒப்பீட்டுத் தூண் #7A8794, எழுத்துக்கு அல்ல. கவனம் #B45309, ஸ்லைடுக்கு ஒரு இடத்தில். #F28C28 கருநீலத்தின் மேல் மட்டும். நிறத்தைத் தட்டிலிருந்து எடுக்கவும்.
>
> இடைவெளி: இட வல ஓரம் 1.5. தலைப்பு 1.0–3.7. உடல் 4.2–17.4. நெடுவரிசைகளுக்கு நடுவே 1. உரைப்பெட்டி விளிம்பு 0, நிறப்பெட்டியில் 0.4.
>
> ஒட்டும்போது: Use Destination Theme.

கடைசி வரி அளவுகளைப் பற்றியது அல்ல, ஆனால் அது இல்லாமல் மேலே உள்ளவை நிற்காது. Keep Source Formatting கொடுத்து ஒரு ஸ்லைடை ஒட்டினால், அதனோடு அதன் பழைய மாஸ்டரும் முழுசாக உள்ளே வந்துவிடும். Slide Master பார்வையைத் திறந்து இடப்பக்கம் ஒன்றுக்கு மேல் பெரிய மாஸ்டர் தெரிந்தால், யாரோ அப்படி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த மாதக் கோப்பில் அளவையும் நிறத்தையும் மறுபடி எண்ணினேன்.

```
grep -oh 'srgbClr val="[0-9A-F]*"' ppt/slides/*.xml | sort | uniq -c | sort -rn
```

ஸ்லைடுகளில் உறைந்த நிறங்கள் ஏறக்குறைய மறைந்திருந்தன. மிஞ்சியவை எல்லாம் எக்செலில் இருந்து வந்த அட்டவணைகள். அளவுப் பட்டியலில் 11 இன்னும் இருந்தது, அதுவும் அதே அட்டவணைகளில். தலைப்புக்கும் உடலுக்கும் மாஸ்டரில் இடம் இருப்பது போல அட்டவணையின் எழுத்தளவுக்கு இடமே இல்லை. புதிய அட்டவணையைச் செருகினால் 18 பாயின்டில் வரும், ஒட்டினால் வந்த இடத்தின் அளவோடு வரும். நான் வைத்த நிபந்தனைப்படி இதைப் பற்றிய வரியை நீக்கியிருக்க வேண்டும். நீக்காமல், வார்ப்புருவின் கடைசியில் மாதிரி அட்டவணை ஸ்லைடு ஒன்றைச் சேர்த்தேன்: 14 பாயின்ட், தலைப்பு வரிசை கருநீலம், எண்கள் வலப்பக்கம், அறைகளின் உள்விளிம்பு 0.2. அட்டவணை வேண்டியவர்கள் அந்த ஸ்லைடை நகலெடுத்து, எக்செலிலிருந்து Keep Text Only கொடுத்து எண்களை மட்டும் ஒட்டுகிறார்கள். வரிசைகள் கூடும்போது உயரத்தை Distribute Rows சமமாக்கிவிடும். பன்னிரண்டு வரிசைக்கு மேல் போனால் 14-இல் நெருக்கம் தெரிகிறது, அப்படிப்பட்டவற்றைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளுகிறோம்.